‘பார்த்து ஏதாவது பண்ணுங்கக்கா’: ஒரே ரெஃபரல் கோரிக்கை இரண்டு முறை எழுதப்பட்ட விவரம்

ஐடி கம்பெனிகளுக்கு ஆள் எடுக்கும் வேலையில் இருக்கிறேன். வெளியிலிருந்து நேராக வரும் ரெஸ்யூம், கன்சல்டன்சி அனுப்பும் ரெஸ்யூம், உள்ளே வேலை செய்பவர்கள் ரெஃபர் செய்யும் ரெஸ்யூம் என்று மூன்று வழியாகவும் வருவதைப் பார்ப்பதுதான் அன்றாடம். இங்கே எழுதப்போவது கோவையில் இருக்கும் ஒருவர், சென்னையில் இருக்கும் தன் பழைய டீம் சீனியரிடம் ரெஃபரல் கேட்ட விவரம். அவர்கள் இருவரும் முன்பு வேலை பார்த்த கம்பெனியில்தான் நானும் அப்போது இருந்தேன், அதனால் இரண்டு பக்கமும் என்னிடம் மனம் விட்டுப் பேசினார்கள். எழுதிக்கொள்ளச் சம்மதமும் சொன்னார்கள். பெயர், கம்பெனி, அடையாளம் காட்டும் விவரம் எதையும் சேர்க்கவில்லை. தம்பி, அக்கா என்றே சொல்கிறேன், அவர்கள் ஒருவரையொருவர் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.

தம்பி சாஃப்ட்வேர் டெஸ்டர். படிப்பு முடிந்ததும் சென்னையில் ஒரு சர்வீஸ் கம்பெனியில் சேர்ந்தார். முதல் ப்ராஜெக்டில் அக்கா அவருக்கு சீனியர். அந்த டீமில் 8 மாதம் சேர்ந்து வேலை பார்த்தார்கள். பிறகு அக்கா பெருங்குடியில் இருக்கும் ஒரு ப்ராடக்ட் கம்பெனிக்கு மாறிவிட்டார். தம்பி கோவை சரவணம்பட்டியில் வேறு வேலைக்குப் போனார். இப்போது அவருக்கு 5 வருட அனுபவம் ஆகப்போகிறது. கல்யாணமாகி, மனைவிக்கு வேலை சென்னையில். வாரக் கடைசியில் பஸ் ஏறி ஏறி அலுத்துப்போய், சென்னையில் வேலை தேட ஆரம்பித்தார். இடைப்பட்ட காலத்தில் அக்காவுக்கும் அவருக்கும் இருந்த தொடர்பு என்று பார்த்தால் பிறந்தநாள் வாழ்த்தும், வாட்ஸாப்பில் போன ஒரு கல்யாணப் பத்திரிகையும்தான்.

இப்படிப் பாதி தெரிந்தவரிடம் போய்க் கேட்பது தப்போ என்று தம்பிக்கு ஒரு தயக்கம் இருந்தது. தப்பே இல்லை. சொல்லப்போனால் வேலை பெரும்பாலும் அப்படித்தான் கிடைக்கிறது. அமெரிக்க சமூகவியலாளர் மார்க் கிரானவெட்டர், பாஸ்டனுக்குப் பக்கத்தில் இருக்கும் நியூட்டன் ஊரில், தெரிந்தவர்கள் மூலம் வேலை மாறியவர்களிடம் ‘அந்த ஆளை அப்போது எவ்வளவு அடிக்கடி பார்த்துக்கொண்டிருந்தீர்கள்’ என்று கேட்டார். 1973-ல் வெளியான அவருடைய கட்டுரையில் கணக்கு இருக்கிறது. வாரம் இரண்டு முறையாவது பார்ப்பவர் மூலம் வேலை கிடைத்தவர்கள் 16.7 சதவீதம்தான். எப்போதாவது பார்ப்பவர் மூலம் 55.6 சதவீதம். வருடத்துக்கு ஒருமுறையோ அதற்கும் குறைவாகவோ பார்ப்பவர் மூலம் 27.8 சதவீதம். நெருங்கிய நண்பனுக்குத் தெரிந்த சங்கதி நமக்கும் தெரிந்திருக்கும். தூரத்தில் இருப்பவருக்குத்தான் நமக்குத் தெரியாத வேலை தெரியும்.

ஆனால் சங்கடமும் இங்கேதான் இருக்கிறது. நமக்கு உதவக்கூடிய இடத்தில் இருப்பவர், நம் வேலையை ரொம்பக் கொஞ்சமாகத்தான் பார்த்திருப்பார். அப்படிப்பட்டவரிடம் ‘எனக்காகச் சொல்லுங்கள்’ என்று கேட்கிறோம்.

முதல் செய்தி

ஒரு செவ்வாய்க்கிழமை இரவு தம்பி வாட்ஸாப்பில் ஆரம்பித்தார். ‘ஹாய் அக்கா, எப்படி இருக்கீங்க? ரொம்ப நாளாச்சு. ஃப்ரீயா இருக்கீங்களா?’

அக்கா உடனே பதில் போட்டார். ‘நல்லா இருக்கேன்பா. வீட்ல எல்லாரும் சௌக்கியமா? சொல்லு.’

அடுத்து வந்தது இது: ‘அக்கா உங்க கம்பெனில எனக்கு ஏதாவது ஓப்பனிங் இருக்கா? ரெஸ்யூம் அனுப்பியிருக்கேன். கொஞ்சம் பார்த்து ஏதாவது பண்ணுங்கக்கா. உங்களைத்தான் நம்பியிருக்கேன். உங்களுக்கும் ரெஃபரல் போனஸ் வரும்ல.’ கூடவே Resume_final_new2.pdf என்று ஒரு கோப்பு.

நீல டிக் விழுந்தது. பதில் வரவில்லை. வெள்ளிக்கிழமை ‘அக்கா பார்த்தீங்களா?’ என்று இன்னொன்று போட்டார். அதற்கும் பதில் இல்லை. சனிக்கிழமை என்னைக் கூப்பிட்டு, ‘அவங்க பெரிய கம்பெனிக்குப் போனதும் மாறிட்டாங்க போல’ என்றார்.

அக்கா மாறவில்லை. அந்த நான்கு நாளும் அவருக்கு என்ன ஓடியது என்பதைப் பிற்பாடு என்னிடம் விலாவாரியாகச் சொன்னார். ரெஃபரல் கேட்கிற எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் அது.

முதலாவது, ‘ஏதாவது ஓப்பனிங்’ என்பதற்கு அவரிடம் பதில் இல்லை. ரெஃபரல் போர்ட்டலில் ஆளை ஏற்ற வேண்டுமென்றால் ஒரு குறிப்பிட்ட வேலை எண் வேண்டும். தேடிப் பார்த்தார். டெஸ்டிங் சம்பந்தமாக மூன்று வேலைகள் திறந்திருந்தன, மூன்றும் வெவ்வேறு டீம். எது தம்பிக்குப் பொருந்தும் என்று அவருடைய ரெஸ்யூமைப் படித்து இவர் முடிவு செய்ய வேண்டும். ஆபீஸ் வேலைக்கு நடுவில் அது அரைமணி நேர வேலை. ‘ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கலாம்’ என்று தள்ளிவைத்தார். தள்ளிவைத்ததும், பதில் போடாமல் இருப்பதே ஒரு உறுத்தலாகிவிட்டது.

இரண்டாவது, போர்ட்டலில் இருக்கும் கேள்விகள். இது கம்பெனிக்குக் கம்பெனி மாறும், ஆனால் பெரும்பாலும் இரண்டு கேள்வி நிச்சயம் இருக்கும். ‘இவரை உங்களுக்கு எப்படித் தெரியும்: சேர்ந்து வேலை பார்த்தவர், கூடப் படித்தவர், நண்பர், உறவினர், நேரடியாகத் தெரியாது’ என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும். அடுத்து, ‘இந்த வேலைக்கு இவர் ஏன் பொருத்தம்’ என்று ஒரு காலிப் பெட்டி. அக்காவுக்குத் தெரிந்தது ஃப்ரெஷராக இருந்து கையால் டெஸ்ட் செய்த தம்பி. இப்போது அவர் ஆட்டோமேஷன் செய்கிறார் என்று ரெஸ்யூம் சொல்கிறது. அக்கா அதைக் கண்ணால் பார்த்ததில்லை. பெட்டியில் என்ன எழுதுவது? ‘திறமையானவர்’ என்று எழுதினால் தனக்கே தெரியாததைச் சொன்னதாகும். ஒன்றுமே எழுதாமல் விட்டால் ஆளைத் தெரியாமல் தள்ளிவிட்டதாகத் தெரியும்.

மூன்றாவதுதான் பெரிய காரணம், அதை அவர் தம்பியிடம் சொல்லவே முடியாது. முந்தின வருடம் வேறு ஒருவரை ரெஃபர் செய்திருந்தார். அந்த ஆள் எல்லா சுற்றும் தாண்டி, ஆஃபர் லெட்டர் வாங்கி, நோட்டீஸ் காலம் முழுக்கக் காத்திருக்க வைத்து, அந்த ஆஃபரைக் காட்டி வேறு இடத்தில் சம்பளம் ஏற்றிக்கொண்டு, சேர வேண்டிய நாளில் போனை எடுக்கவில்லை. எங்கள் தொழிலில் இதை ‘ஆஃபர் டிராப்’ என்போம், இந்திய ஐடியில் 60 நாள், 90 நாள் நோட்டீஸ் இருப்பதால் அதற்கு இடம் அதிகம். அந்தச் சமயத்தில் ரெக்ரூட்டர் அக்காவைக் கூப்பிட்டு, ‘உங்க ஆள்தானே, கொஞ்சம் கேட்டுச் சொல்லுங்க’ என்றார். அந்த டீம் மேனேஜரை கேன்டீனில் பார்க்கும்போதெல்லாம் அக்காவுக்கு ஒரு மாதிரி இருந்ததாம். தண்டனை எதுவும் கிடையாது, யாரும் திட்டவும் இல்லை. ஆனாலும் அடுத்த ஆளை ஏற்றும்போது கை தயங்கத்தானே செய்யும்.

இந்த மூன்றுக்கும் மேல் ‘உங்களைத்தான் நம்பியிருக்கேன்’ என்ற வரி. கேட்பவர் அதைப் பணிவாகத்தான் எழுதுகிறார். படிப்பவருக்கோ, இனி முடியாது என்று சொன்னால் நம்பிக்கையை உடைத்தவர் ஆவோம் என்று கேட்கிறது. சரி என்று சொல்லவும் முடியவில்லை, இல்லை என்று சொல்லவும் வழி இல்லை. மனிதர் வேறென்ன செய்வார், பேசாமல்தான் இருப்பார்.

போனஸைப் பற்றி எழுதியதும் சேர்ந்து கெடுத்தது. அந்தப் பணம் பொதுவாக, வந்தவர் சேர்ந்து சில மாதம் நிலைத்த பிறகுதான் கைக்கு வரும். அதுவும் சம்பளத்தோடு சேர்ந்து வரி பிடித்துத்தான் வரும். அதற்காக யாரும் தன் பெயரைப் பணயம் வைப்பதில்லை. ‘உங்களுக்கும் ஆதாயம்தானே’ என்று சொல்லும்போது, அன்பினால் செய்யக்கூடிய காரியம் பேரமாகிவிடுகிறது.

‘அம்மாவை விட்டுப் பேசச் சொல்லட்டுமா? அக்காவோட அம்மாவும் எங்க அம்மாவும் கல்யாணத்துல பேசிக்கிட்டாங்க’ என்று தம்பி என்னிடம் கேட்டார். நம் ஊரில் இது சர்வசாதாரணம். ‘நம்ம பையனுக்கு உங்க பொண்ணு கம்பெனில ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுங்க’ என்று சொந்தபந்தம் வழியாகக் கேட்பதை யாரும் தவறாக நினைப்பதில்லை. ஆனால் ரெஃபரலைப் பொறுத்தவரை இதைவிட நெருக்கும் வழி வேறில்லை என்பது என் உறுதியான அபிப்பிராயம். அக்கா ‘முடியாது’ என்றால் அது தம்பியோடு நிற்காது, இரண்டு வீட்டுக்கும் நடுவில் போய் உட்காரும். கேட்பது நாமாக இருந்தால்தான் மறுப்பும் நம்மோடு முடியும். வேண்டாம் என்று தீர்மானமாகச் சொன்னேன். நல்லவேளையாகக் கேட்டார்.

ரெஃபரல் என்ன செய்யும், என்ன செய்யாது

இரண்டாவது செய்தியை எழுதுவதற்கு முன்னால் தம்பியிடம் ஒரு விஷயத்தைத் தெளிவுபடுத்த வேண்டியிருந்தது. அக்கா ஒரு வார்த்தை சொன்னால் வேலை கிடைத்துவிடும் என்று அவர் மனதில் இருந்தது. அப்படி இல்லை. நூற்றுக்கணக்கில் விண்ணப்பம் குவியும் வேலைக்கு, ரெஃபரலில் வந்த ரெஸ்யூமை ரெக்ரூட்டர் கொஞ்சம் சீக்கிரம் திறப்பார், ஒரு மனிதர் கண்டிப்பாகப் பார்ப்பார். அவ்வளவுதான் அதன் பலம். இன்டர்வியூ எல்லோருக்கும் ஒன்றுதான். இது புரிந்துவிட்டால் கேட்கும் தொனியே மாறிவிடும், ஏனென்றால் நாம் கேட்பது வேலையை அல்ல, ஒரு ரெஸ்யூமைத் திறக்க வைப்பதை மட்டும்.

இன்னொரு விஷயம் நிறையப் பேருக்குத் தெரியாது. தம்பி பொறுமை இழந்து அந்த வார இறுதியில் கம்பெனி தளத்திலேயே அப்ளை செய்ய இருந்தார். பல கம்பெனிகளின் மென்பொருள், ஒருவர் எந்த வழியாக முதலில் வந்தாரோ அந்த வழியிலேயே அவரைப் பதிந்துவிடும். அவரே நேராக அப்ளை செய்துவிட்டாலோ, அவருக்குத் தெரியாமல் ஒரு கன்சல்டன்சி நௌக்ரியிலிருந்து ரெஸ்யூமை எடுத்து ஏற்றிவிட்டிருந்தாலோ, அதற்கப்புறம் ரெஃபர் செய்தால் ‘இந்த நபர் ஏற்கெனவே இருக்கிறார்’ என்று போர்ட்டல் திருப்பிவிடும். அந்தப் பதிவு 6 மாதம் வரைகூட நிற்கும் இடங்கள் உண்டு. அக்கா மெனக்கெட்டு ஃபார்மை நிரப்பி, கடைசியில் சிவப்பு எழுத்தில் பிழைச்செய்தி வந்தால், அதையும் அவர்தான் தம்பியிடம் விளக்க வேண்டும். அதனால் ‘நான் இன்னும் அப்ளை பண்ணவில்லை’ என்பதையோ, ‘பண்ணிவிட்டேன்’ என்பதையோ கேட்கும்போதே சொல்லிவிடுவது நல்லது.

இரண்டாவது செய்தி

தம்பி ஒரு வாரம் சும்மா இருந்தார். அந்த வாரத்தில் கம்பெனி தளத்தில் திறந்திருந்த மூன்று வேலைகளையும் தானே படித்து ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். அதில் கேட்டிருந்த தகுதிகளைத் தன் அனுபவத்தோடு வரிக்கு வரி ஒப்பிட்டுப் பார்த்தார். ஜாவா, செலினியம், ஏபிஐ ஆட்டோமேஷன் எல்லாம் பொருந்தின. பெர்ஃபார்மன்ஸ் டெஸ்டிங் கேட்டிருந்தார்கள், அது அவரிடம் இல்லை. அதை மறைக்கலாமா என்று யோசித்தார். சொல்லிவிடலாம் என்று முடிவானது. கடைசியில் அனுப்பியது இது:

‘அக்கா, வணக்கம். போன வாரம் நான் பொதுவா கேட்டதை விட்டுடுங்க, அதுக்கு நீங்க பதில் சொல்ல வேண்டியதில்லை.

உங்க கம்பெனி தளத்துல சீனியர் க்யூஏ இன்ஜினியர், சென்னை, வேலை எண் R2417 பார்த்தேன். இன்னும் நான் அப்ளை பண்ணல. நாம சேர்ந்து வேலை பார்த்ததுக்கு அப்புறம், கடைசி ரெண்டரை வருஷமா ஏபிஐ ஆட்டோமேஷன்தான் பண்றேன். அவங்க கேக்குற பெர்ஃபார்மன்ஸ் டெஸ்டிங்ல எனக்கு அனுபவம் இல்ல. நோட்டீஸ் 60 நாள்.

இதுக்கு என்னை ரெஃபர் பண்றது உங்களுக்குச் சரின்னு பட்டா சொல்லுங்க, ஃபார்முக்கு வேண்டியதை அனுப்பிடுறேன். என் வேலையை நீங்க நேர்ல பார்த்தது அந்த 8 மாசம்தான், அதை அப்படியே சொன்னாப் போதும். இப்போ வசதிப்படாதுன்னாலும் ஒண்ணும் இல்லக்கா. புதன்கிழமை காலைல நான் தளத்துலயே நேரா அப்ளை பண்ணிடுவேன்.’

இதில் நான் ரொம்ப மதிப்பது கடைசி வரியை. அக்காவுக்கு இஷ்டமில்லை என்றால் அவர் எதுவும் செய்ய வேண்டாம். புதன்கிழமை தானாக வரும், தம்பி நேராக அப்ளை செய்துவிடுவார், விஷயம் முடிந்துவிடும். யாரும் யாருக்கும் ‘முடியாது’ என்று எழுத வேண்டிய அவசியமே இல்லை. மௌனமும் ஒரு மரியாதையான பதிலாகிவிடுகிறது. ‘முடியலைன்னா பரவாயில்லை’ என்று எல்லோரும்தான் எழுதுகிறார்கள், ஆனால் முடியாவிட்டால் அடுத்து நாம் என்ன செய்வோம் என்பதைச் சொல்லாதவரை அந்த வரியை யாரும் நம்புவதில்லை.

அதே சமயம் இந்த வரியைக் கெடு வைப்பது மாதிரி எழுதிவிடவும் கூடாது. ‘புதன்கிழமைக்குள்ள சொல்லிடுங்க’ என்று முதலில் எழுதியிருந்தார், மாற்றச் சொன்னேன். அப்படி எழுதினால் அக்காவுக்கு ஒரு வேலை வைத்ததாகும். ‘நான் அப்ளை பண்ணிடுவேன்’ என்றால் வேலை தம்பியுடையது. நாளும் சும்மா சொல்வதாக இருக்கக் கூடாது. பதில் வரவில்லை என்றால் புதன்கிழமை நிஜமாகவே அப்ளை செய்துவிட வேண்டும், அதற்கப்புறம் அந்த வேலையைப் பற்றி அவரிடம் கேட்கவே கூடாது.

‘அந்த 8 மாசம்தான்’ என்ற வரி ஃபார்மில் இருக்கும் காலிப் பெட்டிக்கானது. அக்காவுக்கு எது தெரியும், எது தெரியாது என்ற எல்லையைக் கேட்பவரே போட்டுக் கொடுத்துவிட்டார். அவர் மிகைப்படுத்த வேண்டியதில்லை. பெர்ஃபார்மன்ஸ் டெஸ்டிங் தெரியாது என்று சொன்னதும் இதே காரணத்துக்காகத்தான். இன்டர்வியூவில் போய் அது வெளியே வந்தால், ‘என்னங்க, பார்க்காம அனுப்பிட்டீங்களா’ என்ற கேள்வி அக்காவிடம்தான் போகும்.

போனில் பேசியது

மறுநாள் மதியம் அக்காவிடமிருந்து பதில். ‘அது என் டீம் இல்லப்பா, ஆனா அவங்களைத் தெரியும். ரெஸ்யூமை மறுபடி அனுப்பு, சாயங்காலம் கூப்பிடுறேன்.’

போனில் முதலில் குடும்ப நலம் விசாரித்தார். அப்புறம் நேராகவே கேட்டார்: ‘வேற எங்கயாவது ஆஃபர் கையில இருக்கா?’

இந்தக் கேள்விக்கு மழுப்பினால் எல்லாம் போச்சு. பழைய ஆஃபர் டிராப் கதை தம்பிக்குத் தெரியாது, ஆனாலும் ஒளிக்காமல் சொன்னார். ‘ஆஃபர் எதுவும் இல்லக்கா. பெங்களூர்ல ஒரு கம்பெனி இன்டர்வியூ ஓடிட்டு இருக்கு, ரெண்டு ரவுண்டு முடிஞ்சது. எனக்கு முதல் விருப்பம் சென்னைதான். பெங்களூர்ல ஏதாவது வந்துச்சுன்னா ஹெச்ஆர்கிட்ட சொல்ற அன்னைக்கே உங்ககிட்டயும் சொல்லிடுறேன்.’

‘அந்த ஒரு பதிலுக்காகத்தான் போனே பண்ணேன்’ என்று அக்கா என்னிடம் சொன்னார். ஒருவர் இரண்டு மூன்று இடத்தில் முயற்சி செய்வது எந்த ஹெச்ஆருக்கும் புதிது இல்லை, குற்றமும் இல்லை. ரெஃபர் செய்தவருக்குத் தெரியாமல் நடப்பதுதான் பிரச்சினை.

பேச்சுவாக்கில் தம்பி, ‘எவ்வளவு வரைக்கும் குடுப்பாங்கக்கா?’ என்று கேட்டுவிட்டார். அக்கா, ‘அதை ஹெச்ஆர்கிட்டயே பேசிக்கப்பா’ என்று முடித்துக்கொண்டார். சம்பள விவரம், இன்டர்வியூவில் என்ன கேள்வி கேட்பார்கள், யார் எடுப்பார்கள் என்பதையெல்லாம் உள்ளே இருப்பவரிடம் கேட்டால், அவர் கம்பெனிக்கும் நமக்கும் நடுவில் மாட்டிக்கொள்வார். எத்தனை சுற்று இருக்கும் என்று மட்டும் அக்காவாகவே சொன்னார். அவராகச் சொல்வது வேறு, நாம் தோண்டுவது வேறு.

அன்று இரவே தம்பி ஃபார்முக்கு வேண்டியதை ஒரே செய்தியாக அனுப்பினார். முழுப்பெயர், மெயில், போன் எண், மொத்த அனுபவம், இப்போது இருக்கும் ஊர், வேலை எண், எல்லாம் அப்படியே எடுத்து ஒட்டும்படி. ரெஸ்யூம் கோப்பின் பெயரும் இப்போது அவருடைய பெயராக மாறியிருந்தது. கடைசியில் ஒரு வரி சேர்த்திருந்தார்: ‘ஞாபகத்துக்காகச் சொல்றேன்: ரீஃபண்ட் பக்கத்துல பைசா ரவுண்டிங் தப்பா போன பக், நீங்க ரிவ்யூ பண்ணீங்க.’

அந்த வரி எனக்கு ரொம்பப் பிடித்தது. ‘என்னைப் பற்றி நல்லவிதமா எழுதுங்க’ என்று கேட்கவில்லை, எழுதுவதற்கு வாசகம் தயாரித்தும் கொடுக்கவில்லை. அக்கா தன் கண்ணால் பார்த்த ஒரு சம்பவத்தை நினைவூட்டினார், அவ்வளவே. ஒரு பொருளைத் திருப்பி அனுப்பினால் தள்ளுபடி போகப் பணம் திரும்ப வர வேண்டும். இரண்டு பொருளுக்கு மேல் இருந்தால் சில ஆர்டரில் ஒரு பைசா, இரண்டு பைசா இடித்தது. டெவலப்பர்கள் ‘நடக்கவே இல்லையே’ என்று இரண்டு முறை திருப்பி அனுப்பினார்கள். எந்தத் தள்ளுபடி சதவீதத்தில், எத்தனை பொருள் இருந்தால் நடக்கிறது என்று தம்பி ஒரு அட்டவணை போட்டுக் காட்டிய பிறகுதான் ஒப்புக்கொண்டார்கள். அக்காவுக்கு அது அப்படியே நினைவுக்கு வந்துவிட்டது.

ஃபார்மில் அவர் எழுதியதைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: ‘முந்தைய கம்பெனியில் ஒரே டீமில் 8 மாதம் வேலை பார்த்தோம், அப்போது இவர் ஃப்ரெஷர். டெவலப்பர்கள் ஏற்காத ஒரு ரவுண்டிங் பிழையை, எப்போது நடக்கிறது என்று பொறுமையாகக் கண்டுபிடித்து நிரூபித்தார். அதற்குப் பிறகான இவருடைய ஆட்டோமேஷன் வேலையை நான் நேரில் பார்த்ததில்லை. பெர்ஃபார்மன்ஸ் டெஸ்டிங் அனுபவம் இல்லை என்று இவரே சொன்னார்.’

மறுபக்கம் உட்கார்ந்து இவற்றைப் படிக்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன், இப்படி எழுதினால் நான் அந்த ரெஸ்யூமைத் திறப்பேன். ‘மிகச் சிறந்த ஊழியர், கடின உழைப்பாளி, உடனே எடுக்கலாம்’ என்று வருகிற குறிப்புகளில் பாதியை, ஆளையே பார்க்காதவர்கள் எழுதியிருப்பார்கள் என்று எங்களுக்குத் தெரியும். ‘இது வரைக்கும் பார்த்தேன், இதற்கு மேல் பார்க்கவில்லை’ என்று எழுதும்போதுதான் பார்த்ததாகச் சொன்னதன் மேல் நம்பிக்கை வருகிறது. எழுதியவருக்கும் ஆபத்து இல்லை. நாளைக்கு யார் கேட்டாலும் அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

அதற்கப்புறம்

ரெஃபர் செய்ததும் போர்ட்டலிலிருந்து தம்பிக்கு ஒரு தானியங்கி மெயில் போயிற்று. அதில் இருக்கும் இணைப்பை அழுத்தி, மீதி விவரத்தை அவர் நிரப்பினால்தான் விண்ணப்பம் முழுமையாகும். பலர் இந்த இடத்தில் கோட்டை விடுகிறார்கள். மெயில் ஸ்பாம் பெட்டிக்குப் போய்விடும், இணைப்புக்குச் சில நாள்தான் ஆயுள் இருக்கும், ‘அக்கா ரெஃபர் பண்ணவே இல்லை போல’ என்று இவர்கள் நினைத்துக்கொள்வார்கள். தம்பி ஸ்பாமில் தேடி எடுத்து அன்றே நிரப்பினார். ‘மெயில் வந்துடுச்சுக்கா, நிரப்பிட்டேன். ரொம்ப நன்றி. இனி ஹெச்ஆர் கூடவே பேசிக்கிறேன்’ என்று அனுப்பினார்.

கடைசி வாக்கியத்தை அவர் காப்பாற்றினார் என்பதுதான் முக்கியம். ரெஃபர் செய்தவர் திரையில் ‘பரிசீலனையில் உள்ளது’ என்ற வரிக்கு மேல் அனேகமாக எதுவும் தெரியாது. ‘ஏதாவது அப்டேட் இருக்கா’ என்று அவரைக் கேட்டால், தெரியாத ஒன்றைத் தெரிந்துகொள்ள அவர் ரெக்ரூட்டருக்கு மெசேஜ் போட வேண்டும். இரண்டு முறை போட்டால் சிபாரிசு மாதிரி ஆகிவிடும். 9 நாள் கழித்து ரெக்ரூட்டர் கூப்பிட்டார். அந்த எண்ணையும் மெயிலையும் வாங்கி வைத்துக்கொண்டு, அதன் பிறகு தம்பி எல்லாவற்றையும் அவரிடமே கேட்டார். அக்காவுக்குப் போனவை எல்லாம் பதில் தேவைப்படாத ஒருவரிச் செய்திகள். ‘முதல் ரவுண்டு இன்னைக்கு முடிஞ்சதுக்கா.’ ‘ரெண்டாவது வியாழக்கிழமை.’

இரண்டு டெக்னிகல் சுற்று தாண்டினார். மூன்றாவதில் மேனேஜர் பேசினார். அடுத்த வாரம் ரெக்ரூட்டரிடமிருந்து மெயில்: அந்த டீமுக்கு பெர்ஃபார்மன்ஸ் டெஸ்டிங் தெரிந்தவர்தான் உடனடியாகத் தேவை, வேறு ஒருவரை எடுத்துவிட்டார்கள்.

இந்த இடத்தில்தான் பெரும்பாலான ரெஃபரல் உறவுகள் கசக்கின்றன. கிடைக்காதவர் காணாமல் போவார், அல்லது ‘என்ன காரணம்னு உள்ள விசாரிச்சுச் சொல்லுங்களேன்’ என்பார். தம்பி அன்று மாலையே எழுதினார்: ‘அக்கா, இந்த வேலை அமையல. பெர்ஃபார்மன்ஸ் டெஸ்டிங் வேணும்னு சொல்லிட்டாங்க, நியாயம்தான். நீங்க எனக்காக ஒதுக்குன நேரத்துக்கு நன்றி. நீங்க யார்கிட்டயும் எதுவும் கேக்க வேண்டாம்.’ அக்கா ஒரு கும்பிடு போட்டு, ‘ஜேமீட்டர் கத்துக்கோ தம்பி, இங்க எல்லா டீம்லயும் கேக்குறாங்க’ என்றார்.

அந்தக் கம்பெனியில் ஒருமுறை இன்டர்வியூவில் தேறாதவரை 6 மாதத்துக்கு மறுபடி கூப்பிட மாட்டார்கள். பல இடங்களில் இதே மாதிரி ஒரு இடைவெளி உண்டு, அது முடியும் முன்னால் வேறொருவரைப் பிடித்து ரெஃபர் செய்யச் சொன்னால் மென்பொருளே நிறுத்திவிடும். தம்பிக்கு இதைச் சொல்லி வைத்திருந்தேன். அவர் யாரையும் கேட்கவில்லை.

ஏழாவது மாதம் அக்காவே ஒரு வேலை எண்ணை அனுப்பினார். இந்த முறை அவருடைய சொந்த டீம். ‘மேனேஜர்கிட்ட உன்னைப் பத்திச் சொல்லியிருக்கேன், அவங்களே அனுப்பச் சொன்னாங்க’ என்று எழுதியிருந்தார். அதற்கு முந்தின வாரம்தான் தம்பிக்கு வேறொரு கம்பெனியின் சென்னை அலுவலகத்தில் ஆஃபர் வந்து, சேர்கிறேன் என்று சொல்லி, பேப்பரும் போட்டிருந்தார். இந்த வேலை அதைவிடப் பெரியது. ‘ஆஃபரை வச்சுக்கிட்டே இதையும் முயற்சி பண்ணிப் பார்க்கலாமே’ என்று நண்பர்கள் சொன்னார்கள். அவர் அரைமணி நேரத்துக்குள் அக்காவுக்குப் பதில் போட்டார்: ‘அக்கா, போன வாரம் ஒரு இடத்துல சேர்றேன்னு சொல்லிட்டேன். உங்க மேனேஜர்கிட்ட இன்னைக்கே சொல்லிடுங்க, எனக்காகக் காத்திருக்க வேண்டாம்.’

அக்கா அன்றே மேனேஜரிடம் சொல்லிவிட்டார். அவர்கள் மறுநாளே அடுத்த ஆளைக் கூப்பிட்டுப் பேசினார்கள். தம்பி இப்போது துரைப்பாக்கத்தில் வேலை செய்கிறார்.